ஊசிக்குத் தெரியாத வேலி

மாமி அந்த ரிப்போட்டை வங்கிப் புத்தகம் வைக்கிற பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். உப்புவெளி வீட்டு விறாந்தையில் நான் இருந்ததும், தேத்தண்ணி கூடக் கேட்காமல் அதைத்தான் முதலில் நீட்டினார்.

"தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. டொக்டர் ஒப்பரேசன் செய்ய வேணும் எண்டுறார். கான்சரோ எண்டு கேட்டன். வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும் எண்டார். அப்ப ரெண்டு தரம் கழுத்தில ஊசி குத்தினது என்னத்துக்கு?"

நான் 20 வருடத்துக்கு மேலாக இழையப் பரிசோதனை ஆய்வுகூடங்களில் வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுத்த இழையத்தை மெழுகுப் பிளாக்காகப் பதித்து, சீவி, சாயமூட்டி, ஸ்லைடாக்கி நோயியல் நிபுணரின் மேசையில் வைப்பது என் தொழில். நோய் இன்னது என்று சொல்வது அவர் வேலை, என் வேலை இல்லை. ஆனால் இவ்வளவு காலம் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்ததில், எந்த ஸ்லைடைப் பார்த்தால் முகம் சுருங்கும், எதற்கு மறுபடி பிளாக்கைக் கேட்பார்கள் என்பது தெரியும். தைரொயிட் கட்டிகளில் மாமிக்கு வந்தது மாதிரி ஒன்று வந்தால் பிளாக்குகளை உடனே அலுமாரியில் அடுக்க மாட்டேன். எப்படியும் திரும்பக் கேட்பார்கள்.

மாமி சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன். ஒன்றிரண்டு அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மாமிக்கு அப்போது 47 வயது. கழுத்தின் வலப்பக்கம் 3.2 சென்ரிமீற்றர் அளவில் ஒரு கட்டி. நோவில்லை, விழுங்கக் கஷ்டமில்லை. தைரொயிட் ஹோர்மோன் அளவும் சரியாக இருந்தது. முதல் ஊசியில் வெறும் இரத்தம்தான் வந்தது என்று இரண்டாம் தரம் குத்தினார்கள். அந்த இரண்டாவது ரிப்போட்தான் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. பெதஸ்டா 4ஆம் வகை, பொலிக்குலர் புதுவளர்ச்சி என்று போட்டிருந்தது. தைரொயிட்டில் ஊசியால் எடுத்த கலங்களைப் பார்த்து எழுதும்போது பெதஸ்டா முறைப்படி ஆறு வகைகளில் ஒன்றில் போடுவார்கள். 2ஆம் வகை என்றால் பயமில்லை. 6ஆம் வகை என்றால் புற்றுநோய். 4 என்பது, "இது ஒரு கட்டிதான், ஆனால் நல்லதா கெட்டதா என்று ஊசியை வைத்துச் சொல்ல முடியாது" என்று நேர்மையாக ஒத்துக்கொள்வது. இந்த வகை வந்து வெட்டிப் பார்த்தவர்களில் சராசரியாக 100 பேரில் சுமார் 30 பேருக்குத்தான் புற்றுநோய் என்று முடியும். மற்றவர்களுக்குத் தீங்கில்லாத ஏதோவொன்று, பெரும்பாலும் அடினோமா.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். ஊசியால் ஏன் முடியாது?

தைரொயிட் சுரப்பி என்பது சின்னச் சின்னக் குமிழ்கள் நெருக்கமாக அடுக்கியது. ஒவ்வொரு குமிழையும் பொலிக்கிள் என்பார்கள். சுற்றிவர ஒரு வரிசைக் கலங்கள், நடுவில் கூழ் மாதிரிச் சேமித்து வைத்த ஹோர்மோன் சரக்கு. பொலிக்குலர் அடினோமா என்றால் இந்தக் குமிழ்க் கலங்களில் ஒரு கூட்டம் அளவுக்கு மீறிப் பெருகி, தன்னைச் சுற்றி நார் இழையத்தால் ஒரு உறை போட்டுக்கொண்டு, அந்த உறைக்குள்ளேயே இருப்பது. பொலிக்குலர் புற்றுநோயும் அதே கலங்கள், அதே குமிழ்கள், பெரும்பாலும் அதே மாதிரி ஒரு உறை. கலத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் முகம் ஒன்று.

தைரொயிட்டில் அதிகம் வருகிற பப்பிலரிப் புற்றுநோய் அப்படியில்லை. அதன் கலக்கருவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கரு பெரிதாகி, வெளிறி, கோப்பிக்கொட்டை மாதிரி நடுவில் பள்ளம் விழுந்து இருக்கும். நாலு கலம் ஊசியில் வந்தாலும் போதும், ரிப்போட் எழுதிவிடலாம். பொலிக்குலர் வகையில் கருவில் அந்தக் கையெழுத்து கிடையாது. அங்கே கேள்வி கலத்தின் முகத்தைப் பற்றியது இல்லை, அது நிற்கிற இடத்தைப் பற்றியது. உறைக்குள் நிற்கிறதா, உறையைத் தாண்டிவிட்டதா, குருதிக்குழாய்க்குள் இறங்கிவிட்டதா? ஊசி கலங்களை உறிஞ்சி எடுக்கும்போது அவை எங்கே நின்றன என்ற விவரம் அங்கேயே விடுபட்டுப் போகிறது.

மாமிக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் தானாகவே முற்றத்தைக் காட்டி, "பக்கத்து வீட்டு ஆடு எங்கட வளவுக்க வந்ததோ இல்லையோ எண்டு ஆட்டின்ர முகத்தைப் பாத்துச் சொல்லேலாது, வேலியைத்தான் பாக்க வேணும், அப்பிடியோ?" என்றார். அப்படியேதான். இதற்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் அந்த வேலியைப் பார்க்கிற கதை.

அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் வட்ஸ்அப்பில் வந்தான். "வெட்டுற நேரமே மைக்ரோஸ்கோப்பில பாத்துச் சொல்லுற டெஸ்ட் ஒண்டு இருக்காமே? கான்சர் எண்டால் அப்பவே முழுசா எடுக்கலாமே?" அவன் கேட்டது உறைவு வெட்டை. சத்திரசிகிச்சை நடக்கும்போதே ஒரு துண்டை எடுத்து உறைய வைத்துச் சீவி, இருபது நிமிடம் அளவில் பதில் சொல்வார்கள். வேறு பல இடங்களில் அது பெரிய உதவி. இந்தக் கட்டியில் உதவாது. அந்த இருபது நிமிடத்தில் உறையின் ஒரு துண்டை, மிஞ்சினால் இரண்டைத்தான் பார்க்கலாம். உறைய வைக்கும்போது உண்டாகும் பனிக்கட்டித் துகள்கள் இழையத்தைக் கிழித்து, உறையும் கலங்களும் இருக்கிற ஒழுங்கைக் குலைத்துவிடும். ஆடு பூந்த இடம் வேலியில் ஒரேயொரு ஓட்டை என்றால், வேலியின் ஒரு முழத்தைப் பார்த்துவிட்டு "ஓட்டையில்லை" என்று சொல்லி என்ன பயன்?

அடுத்தது ஜீன். அதையும் கேட்டான், அவன் விடமாட்டான். பொலிக்குலர் புற்றுநோயில் ராஸ் ஜீன்களில் விகாரம் அடிக்கடி இருக்கும். ஆனால் அதே விகாரம் அடினோமாவிலும் இருக்கும். வசதியான நாடுகளில் ஊசியில் எடுத்த கலங்களைக் கொண்டே பல ஜீன்களை ஒன்றாகப் பார்த்து, ஆபத்து கூடவா குறையவா என்று கணித்து, சிலருக்குச் சத்திரசிகிச்சையைத் தவிர்க்கிறார்கள். அது சாத்தியக்கூறு சொல்கிற பரிசோதனை. உறை தாண்டப்பட்டதா என்பதை அது காணாது. ஸ்கானும் அப்படித்தான்.

ஆகவே மாமிக்கு தைரொயிட்டின் வலப்பக்கப் பாதியை, அந்த மடலை மட்டும் எடுத்தார்கள். இது சிகிச்சை என்பதைவிட ஒரு பெரிய பரிசோதனை. அடினோமா என்று வந்தால் அத்தோடு அலுவல் முடிந்தது, மறுபக்க மடல் பெரும்பாலும் உடம்புக்குத் தேவையான ஹோர்மோனைத் தந்துகொள்ளும். தெரியாத நிலையில் இரண்டு பக்கமும் எடுத்திருந்தால், நோயே இல்லாமல் காலம் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. இதைப் பற்றி வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மடல், இழையம் கெடாமல் வைக்கிற போமலின் திரவத்தில் முழுதாக வர வேண்டும். தியேட்டரிலேயே ஆவலில் ஒருவர் கட்டியை நடுவால் பிளந்து பார்த்துவிட்டு அனுப்புவதும் உண்டு. பச்சை இழையத்தை வெட்டினால் உள்ளிருக்கிற கட்டி பிதுங்கி வெளியே வரும், உறை சுருண்டு உள்ளே இழுபடும். பிறகு அந்த ஓரத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், உறையைத் தாண்டி வந்ததா, பிதுங்கி வந்ததா என்று சண்டை. மாமியின் மடல் முழுதாகவே போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் போமலினில் இறுகிய பிறகு வெளிப்புறத்துக்கு மை பூசி, 3 மில்லிமீற்றர் இடைவெளியில் பாண் வெட்டுகிற மாதிரித் துண்டு போட்டார்கள். 3.2 சென்ரிமீற்றர் கட்டிக்கு 10, 11 துண்டுகள் வரும்.

அவற்றை வைக்கிற கசெற் தீப்பெட்டி அளவு பிளாஸ்ரிக் பெட்டி. நடுத்துண்டுகள் அதற்குள் அடங்காது. அப்போது கட்டியின் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்தைத்தான் எடுப்பார்கள். கொஞ்சம் கட்டி, உறை, வெளியிலுள்ள நல்ல தைரொயிட் ஆகிய மூன்றும் ஒரே துண்டில் வர வேண்டும். புதிதாக வருகிற பயிற்சி வைத்தியர்கள் கட்டியின் நடுவிலிருந்து அழகான துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பதைக் கண்டிருக்கிறேன். நடுவில் இருப்பது ஆடு மட்டும்தான். வேலி ஓரத்தில்.

பிறகு மெழுகு. மெழுகுப் பிளாக்கிலிருந்து 4 மைக்ரோன் தடிப்பில் சீவி எடுக்கிறோம். தலைமுடியின் தடிப்பில் பதினைந்தில், இருபதில் ஒரு பங்கு. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டியை ஒரு உருண்டை என்று வைத்தால், 3.2 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு உறையின் பரப்பு ஏறக்குறைய 32 சதுர சென்ரிமீற்றர். 3 மில்லிமீற்றருக்கு ஒரு துண்டாக, உறை முழுவதையும் பிளாக்காக்கி, ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு சீவல் எடுத்தால், ஸ்லைடில் தெரிகிற உறையின் நீளத்தை எல்லாம் கூட்டினால் 84 சென்ரிமீற்றர் வரும். ஒரு முழத்துக்கு மேல், கேட்க நிறைய மாதிரி இருக்கிறது. ஆனால் அதன் அகலம் 4 மைக்ரோன்தான். பரப்பாகப் பெருக்கிப் பார்த்தால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நாங்கள் சொல்லும்போது உண்மையில் பார்த்தது உறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது பயமுறுத்தச் சொன்னதில்லை. உறையைத் தாண்டுகிற இடம் பொதுவாகப் புள்ளி அளவில் நில்லாமல் ஓரளவு பரந்து இருப்பதால், நெருக்கமாகத் துண்டு போட்டால் பெரும்பாலும் ஏதாவதொரு சீவலில் அகப்படும். ஆனால் 10 பிளாக் பார்த்து ஒன்றுமில்லை என்பதும், முழு உறையையும் பார்த்து ஒன்றுமில்லை என்பதும் ஒன்றில்லை. "ரிப்போட் ஏன் இவ்வளவு சுணங்குது?" என்று கிளினிக்கில் சண்டை பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

என்னுடைய ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில். இதே மாதிரி ஒரு தைரொயிட். முதல் ஸ்லைடில், உறைக்குள் பாதி தூரம் நுழைந்த ஒரு சின்ன நாக்கு. நிபுணர் அதே பிளாக்கில் இன்னும் ஆழமாகச் சீவித் தரச் சொன்னார், அந்த நாக்கு மறுபக்கம் போகிறதா என்று பார்க்க. பிளாக்கை மறுபடி, சீவுகிற இயந்திரமான மைக்ரோடோமில் பூட்டும்போது கோணம் கொஞ்சம் சரிந்துவிட்டது. முகத்தை மட்டமாக்க அவசரத்தில் 30 மைக்ரோன்படி தள்ளித் தள்ளிச் சீவினேன். முழு முகமும் வந்தபோது அந்த நாக்கு இருந்த இடம் குப்பைத் தட்டில் கிடந்தது. அந்த ஆளுக்கு ரிப்போட் "தீர்மானிக்க முடியவில்லை" என்றே போனது. நிபுணர் ஏசவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு, எங்கேயாவது சந்தேகம் என்று குறிப்பு வந்தால் கோணத்தைத் திருத்துகிறதுக்கே அரை மணித்தியாலம் எடுப்பேன்.

சரி, மாமியின் ஸ்லைடுகள். ரிப்போட்டையும், நிபுணர் பொறுமையாக எனக்கு விளக்கியதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் 10 பிளாக். நாலாவது பிளாக்கில் உறையில் ஒரு வெடிப்பு, அதற்குள் கட்டிக் கலங்கள். புதியவர் ஒருவர் உடனே "புற்றுநோய்" என்று எழுதியிருப்பார். ஆனால் அந்த இடத்தைச் சுற்றிப் பழைய இரத்தம் விட்டுப்போன மண்ணிற இரும்புத் துகள்கள், புதுத் தழும்பு, புதிதாக முளைத்த சின்னக் குழாய்கள் எல்லாம் இருந்தன. எல்லாம் நேர்கோட்டில், ஒரே திசையில். அது ஊசி போன வழி. மாமிக்கு இரண்டு தரம் குத்தியது ஞாபகமிருக்கிறதா? ஊசி உறையைத் துளைத்துப் போகும்போது அந்த வழியில் கலங்களும் இழுபட்டு வரும். வேலியை அறுத்தது ஆடு இல்லை, நாங்கள். விண்ணப்பப் படிவத்தில் "முன்னர் ஊசிப் பரிசோதனை செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த இடத்தில் நிபுணருக்குப் பெரிய உதவி. பல படிவங்களில் அந்த வரி இருப்பதில்லை.

ஏழாவது பிளாக்கில் கட்டியிலிருந்து ஒரு நாக்கு உறைக்குள் நீண்டிருந்தது. அங்கே தழும்பும் இல்லை, இரும்பும் இல்லை. ஆனால் உறையின் பாதித் தடிப்பு வரைதான். உறை மீறல் என்று சொல்ல, கட்டி உறையின் முழுத் தடிப்பையும் கடந்து வெளிப்பக்கம் வந்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான நிபுணர்கள் வைத்திருக்கிற அளவுகோல். அப்படிக் கடந்தால் பெரும்பாலும் காளான் மாதிரி இருக்கும். உறைக்குள் ஒடுங்கிய தண்டு, வெளியே வந்ததும் விரிந்த குடை. சில வேளை உடம்பு அந்தக் குடையைச் சுற்றியும் புதிதாக ஒரு மெல்லிய உறை போட்டுவிடும். அப்போது பார்க்கிறவருக்கு உறை முழுதாக இருப்பது மாதிரியே தெரியும், ஆனால் அது பழைய வேலியில்லை, ஆடு வந்து நின்ற பிறகு போட்ட புது வேலி. உறையின் பழைய கோட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்து நடுவில் இணைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

மாமியின் நாக்குக்காக மூன்று ஆழமான சீவல்கள் எடுத்தார்கள். மூன்றிலும் பாதி வழியோடு நின்றது. இத்தோடு நிறுத்தியிருந்தால் ரிப்போட் நடுவில் ஒரு பெயரில் முடிந்திருக்கும். தீங்கு செய்யுமா என்பது நிச்சயமில்லாத பொலிக்குலர் கட்டி. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் இடம் பெற்று, 2022 பதிப்பிலும் தொடர்கிற பெயர் அது. சிலர் இதை மழுப்பல் என்பார்கள். எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது, முழு உறையையும் பார்த்த பிறகு எழுதினால். பாதி உறையைப் பார்த்துவிட்டு அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்தால் அது வேறு.

மாமியின் நிபுணர் ஒளியவில்லை. போமலினில் மிச்சமிருந்த உறை முழுவதையும் எடுத்து இன்னும் 9 பிளாக் செய்யச் சொன்னார். மொத்தம் 19. ரிப்போட் இன்னும் பத்து நாள் சுணங்கியது, மாமி எனக்குத் தினமும் கோல் எடுத்தார்.

அந்த ஒன்பதில்தான் குருதிக்குழாய் அகப்பட்டது.

குழாய் ஏன் உறையைவிடப் பெரிய விஷயம் என்பதற்கு, பல வருடத்துக்கு முன் என் கையால் சீவிய ஒரு ஸ்லைடைச் சொல்ல வேண்டும். வளவுக்குள் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு வயோதிபர். விழுந்த விழுகைக்கு முறிவு பெரிதாக இருக்கிறதே என்று எலும்பிலிருந்து ஒரு துண்டு அனுப்பினார்கள். சாயமூட்டிப் பார்த்தால், எலும்புக்கு நடுவில் தைரொயிட் குமிழ்கள். அழகாக, வரிசையாக, நடுவில் இளஞ்சிவப்புக் கூழோடு. பாடப்புத்தகத்தில் நல்ல தைரொயிட் என்று போடக்கூடிய படம். கலத்தின் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. அது நிற்கிற இடம் தொடை எலும்பு, அவ்வளவுதான். பொலிக்குலர் புற்றுநோய் பெரும்பாலும் கழுத்து நெறிகளுக்குப் போவதில்லை, அது பப்பிலரியின் வழி. இது நாளத்தில் இறங்கி, இதயத்தின் வலப்பக்கம் போய், நுரையீரலிலும் எலும்பிலும் தங்கும். ஆகவே உறையோரக் குழாய்க்குள் கட்டி நிற்கிறதா என்று பார்ப்பது, தூரப் பயணத்துக்கு வண்டி ஏறிவிட்டதா என்று பார்ப்பது.

இதிலும் ஏமாறுகிற இடங்கள் உண்டு. கட்டிக்கு உள்ளே இருக்கிற குழாய்கள் கணக்கில் இல்லை, உறைக்குள்ளோ உறைக்கு வெளியிலோ இருக்கிற குழாய்தான் கணக்கு. குழாய்க்குள் சும்மா மிதக்கிற கலங்களும் கணக்கில் இல்லை. வெட்டும்போது கத்தியோடு இழுபட்டு வந்திருக்கலாம். கட்டி குழாயின் சுவரில் ஒட்டி நிற்க வேண்டும், அல்லது அதைச் சுற்றிக் குருதி உறைந்திருக்க வேண்டும், அல்லது குழாயின் உட்படைக் கலங்கள் அதன் மேல் போர்வை மாதிரி மூடியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே அது அங்கே நின்றது, உடம்பு அதைக் கண்டு ஏதோ செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இன்னுமொரு தொல்லை, கட்டியைச் சுற்றி இழையம் சுருங்கும்போது விழுகிற வெறும் இடைவெளி குழாய் மாதிரியே தெரியும். அது உண்மையிலேயே குழாய்தானா என்று தெரிய, உட்படைக் கலங்களை நிறம் பிடிக்க வைக்கிற சிடி31 என்ற சாயம் போடுவார்கள்.

மாமியின் பிளாக்குகளில் இரண்டு குழாய்கள். இரண்டும் உறைக்குள். ஒன்றில் கட்டி சுவரில் ஒட்டி, மேலே உட்படையின் போர்வையோடு நின்றது. மற்றதில் உறைந்த குருதியோடு. சிடி31 இரண்டையும் உறுதி செய்தது. ஏழாவது பிளாக்கின் நாக்கு கடைசி வரைக்கும் வேலியைத் தாண்டவேயில்லை. தாண்டியது வேறு இடத்தில், வேறு வழியில்.

ஆக, ரிப்போட்டில் உறையுள்ள, குருதிக்குழாயில் புகுந்த பொலிக்குலர் புற்றுநோய் என்று வந்தது. கூடவே ஒரு வரி: புகுந்த குழாய்களின் எண்ணிக்கை 2. அந்த எண்தான் மாமியின் அடுத்த வருடங்களைத் தீர்மானித்தது. உறையை மட்டும் தாண்டி, குழாயில் புகாத கட்டி மிகவும் சாதுவானது, பெரும்பாலும் மடலை எடுத்ததே போதும். குழாயில் புகுந்தால் எத்தனை குழாய் என்று எண்ணுவார்கள். 4க்குக் குறைவென்றால் ஒரு மாதிரி, 4 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு மாதிரி. கூடுதலான பக்கம் இருந்தால் மறுபக்க மடலையும் எடுத்து, பிறகு கதிரியக்க அயடீன் கொடுப்பார்கள். அதற்கு இங்கிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலை மாதிரி வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். மடல் ஒன்று மிச்சமிருந்தால் அந்த அயடீனில் பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், பரவியிருக்கக்கூடிய கலங்களுக்குப் போதியளவு போய்ச் சேராது. அதனால்தான் இரண்டாவது சத்திரசிகிச்சை.

4 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. 3 குழாய் உள்ளவர் காப்பாற்றப்பட்டவர், 5 உள்ளவர் தொலைந்தவர் என்று இல்லை. வயது, கட்டியின் அளவு எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். 19 பிளாக் பார்த்ததில் 2 கிடைத்தது. 10 பிளாக்கோடு நிறுத்தியிருந்தால் பூச்சியம். இந்த எண் கட்டியைப் பற்றி மட்டும் சொல்வதில்லை, எவ்வளவு தேடினோம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அதனால் யாராவது ரிப்போட் கொண்டு வந்து காட்டினால் நான் முதலில் பார்ப்பது நோயின் பெயரை இல்லை. உறை முழுதாகப் பார்க்கப்பட்டதா, எத்தனை பிளாக் என்ற வரியை. அந்த வரி இல்லாவிட்டால், சிகிச்சை தருகிற வைத்தியர் மூலமாக அதைக் கேட்கச் சொல்வேன். பிளாக்குகளை உடனே எறிந்துவிடுவதில்லை, ஆய்வுகூடத்தில் இருக்கும். ஸ்லைடுகளை இன்னொரு நிபுணரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் இந்த நோயில் சாதாரணம். ஒரே ஸ்லைடைப் பார்த்து இரண்டு அனுபவசாலிகள் உறை மீறலில் ஒத்துப்போகாமல் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மாமிக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை வேண்டாம், கவனித்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை, "கான்சர் எண்டு தெரிஞ்ச பிறகும் பாதியை விட்டு வைக்கிறதோ?" என்று துள்ளினான். வைத்தியர் அவனோடு போனில் அரை மணித்தியாலம் பேசினார். அவன் இன்னும் முழுதாக ஒத்துக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது.

நிபுணர் குழாய் இருந்த இடத்தை நுணுக்குக்காட்டியில் படமெடுத்து எனக்குத் தந்திருந்தார். மாமி கேட்டபடியால் போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்புப் பட்டை உறை, நடுவில் வெள்ளைத் துவாரம், அதற்குள் ஊதாப் புள்ளிகளாக ஒரு சின்னக் குவியல்.

"இவ்வளவு தானோ?"

"இவ்வளவுதான் மாமி."

"இதை நீங்கள் எப்பிடியடா தேடிப் பிடிக்கிறீங்கள்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுத்து ஸ்கானும், தைரொயிட் கலங்கள் சுரக்கிற தைரோகுளோபியுலின் எவ்வளவு என்று பார்க்கிற இரத்தப் பரிசோதனையும். தைரொயிட் முழுதாக எடுத்தவருக்கு அந்த எண் கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்க வேண்டும், ஏறினால் உடனே தெரியும். மாமிக்கு மறுபக்க மடல் இருப்பதால் அதுவும் தைரோகுளோபியுலின் சுரந்துகொண்டே இருக்கும், ஆகவே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வரிசையாக வைத்து, படிப்படியாக ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மாமி சீட்டுக் கணக்கு எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். இதுவரை மூன்று எண்கள், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. நாலாவதுக்கு ஆவணி மாதம் என்று பென்சிலால் குறித்திருக்கிறார்.